கீழே ஓடும் நீரை மேலே ஏற்றியவர்கள்

பதுளு ஓயாவை அண்டிய வயல்களுக்கு நீர் பெரும்பாலும் மேலிருந்துதான் வருகிறது. மலையோடையை மறித்து வாய்க்காலில் திருப்பிவிட்டால் போதும். அது ஒரு வரவையிலிருந்து அடுத்த வரவைக்குத் தானாகவே இறங்கிச் செல்லும். நைல் நதிக்கரை உழவருக்கு இந்த வசதி இருக்கவில்லை. வெள்ளம் வடிந்ததும் ஆறு கரைக்குக் கீழே போய்விடும், பயிர் மேலே நிற்கும்.

அவர்கள் கையாண்ட கருவிதான் ஷாதூஃப். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட எகிப்தியக் கல்லறை ஓவியங்களிலும் அதைக் காணலாம். நட்ட கால்களின் மேல் ஒரு நீண்ட கம்பு, ஒரு முனையில் வாளி, மறுமுனையில் களிமண் கட்டி. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் துலாவும் இதே இனம்தான். அங்கே ஆடுகாலில் பொருத்திய துலாவின் மேல் ஆட்கள் ஏறி முன்னும் பின்னும் நடப்பார்கள். களிமண் கட்டியின் வேலையை அவர்களின் உடல் எடையே செய்தது.

களிமண் எதற்கு? வாளியின் எடை 2 கிலோகிராம், அதில் கொள்ளும் நீர் 20 லீற்றர் என்று வைத்துக்கொள்வோம். கம்பின் இரு பக்கமும் சம நீளமானால், மறுமுனையில் 12 கிலோகிராம் கட்டுவது பொருத்தம். வெறும் வாளியை இறக்க 10 கிலோகிராம் அளவுக்கு இழுக்க வேண்டும்; நிறைந்த வாளியை ஏற்றவும் அதே 10 போதும். மொத்த வேலை குறையவில்லை. அதில் பாதியை, உடம்பைச் சாய்த்துக் கீழே இழுக்கும் இலகுவான அசைவுக்கு மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். எடை கூடினால் வாளி இறங்க மறுக்கும். குறைந்தால் ஏற்றும்போது முதுகு வலிக்கும்.

நிமிடத்துக்கு 4 வாளி என்றால் மணிக்கு 4800 லீற்றர். ஓர் ஏக்கரில் 5 சென்ரிமீற்றர் நீர் நிற்க ஏறக்குறைய 2,00,000 லீற்றர் வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஓய்வின்றி 40 மணித்தியாலத்துக்கும் மேல்! கரை மிக உயரமானால் ஒரு ஷாதூஃப் போதாது. முதலாவது நிரப்பும் குழியிலிருந்து இரண்டாவது அள்ள வேண்டும், அதற்கு வேறோர் ஆள்.

மனித உழைப்பே வேண்டாமென்று வந்தது நீர்ச்சக்கரம். சிரியாவின் ஹமா நகரில் ஆசி ஆற்றில் நிற்கும் சக்கரங்களில் பெரியது ஏறக்குறைய 20 மீற்றர் விட்டமுடையது. ஆற்றோட்டம் பலகைகளைத் தள்ள, விளிம்பிலுள்ள பெட்டிகள் நீரை அள்ளிக்கொண்டு மேலேறி, உச்சியில் கால்வாயில் ஊற்றுகின்றன. ஆனால் சக்கரத்தின் உயரத்துக்கு மேல் நீர் ஏறாது. ஓட்டம் தளர்ந்தால் சக்கரமும் நின்றுவிடும்.

ஆர்க்கிமிடீசின் பெயரால் அழைக்கப்படும் திருகு ஓட்டத்தை நம்பியதல்ல. சாய்த்து வைத்த குழாயின் உள்ளே திருகாணி போன்ற சுருள் இருக்கும். அதைச் சுழற்றும்போது சுருளின் ஒவ்வொரு மடிப்பிலும் தங்கிய நீர் மேல்நோக்கி நகரும். அதிகம் நிமிர்த்தினால் நீர் மடிப்பைத் தாண்டிப் பின்னால் வழிந்துவிடும். எனவே அதைச் சாய்வாகவே வைக்க வேண்டும். அதனால் குழாய் நீளமாக இருந்தாலும் நீர் ஏறும் உயரம் குறைவுதான். தாழ்ந்த கரையிலுள்ள வயலுக்கு அது சரி, நம் மலைச்சரிவுக்கு உதவாது.