எண்ணெய் தீருமுன் லாரி வருமா?

ஒரு மளிகைக் கடையில் ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் நாளுக்குச் சராசரியாக 40 பாக்கெட் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏஜென்சிக்கு ஆர்டர் சொன்னால் சரக்கு வந்து சேரச் சராசரியாக 4 நாள் ஆகிறது. அப்படியானால் இருப்பு 160 பாக்கெட்டாகக் குறையும்போது ஆர்டர் சொன்னால் போதும் என்று தோன்றும். ஆனால் இப்படிச் செய்தால், ஏறக்குறைய இரண்டு தடவைக்கு ஒரு தடவை லாரி வருமுன்பே எண்ணெய் தீர்ந்துவிடும். விற்பனை சராசரியைத் தாண்டும் நாளும் உண்டு, சரக்கு தாமதமாகும் தடவையும் உண்டு.

அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்குவதற்காகக் கூடுதலாக வைப்பதுதான் காப்பு இருப்பு. 160உடன் அதைக் கூட்டினால் வருவது மறு ஆர்டர் நிலை. இருப்பு அந்த எண்ணைத் தொட்டதும் ஆர்டர் சொல்லிவிட வேண்டும்.

எவ்வளவு கூடுதல் வேண்டும்? சிலர் மோசமான நிலையை எடுத்துக் கணக்கிடுவார்கள். ஒரு நாளின் அதிகபட்ச விற்பனை 65, சரக்கு வந்து சேர அதிகபட்சம் 6 நாள், ஆக 390 பாக்கெட். அதாவது காப்பு மட்டும் 230. பாக்கெட் 140 ரூபாய் என்றால் 32,200 ரூபாய் அலமாரியிலேயே முடங்கிக் கிடக்கும். தொடர்ந்து ஆறு நாளும் உச்ச விற்பனை, அதே சமயம் லாரியும் தாமதம் என்பது மிக அரிதாகவே நடக்கும்.

அதைவிடச் சரியான வழி, ஏற்ற இறக்கத்தை அளப்பது. இரண்டு மாதத் தினசரி விற்பனையை எக்செலில் இட்டு `STDEV.S` கொடுத்தால் திட்ட விலக்கம் கிடைக்கும். சராசரியிலிருந்து விற்பனை வழக்கமாக எவ்வளவு விலகுகிறது என்பதை அது காட்டும். நம் கடையில் அது 12 பாக்கெட். ஆர்டர் சொன்ன தேதி, சரக்கு வந்த தேதி இரண்டையும் குறித்துவைத்திருந்தால் லாரியின் விலக்கத்தையும் இப்படியே அளக்கலாம். அது 1 நாள்.

நான்கு நாளில் விற்பனையின் விலக்கம் 48 ஆகிவிடாது. ஒரு நாள் கூடுவதை இன்னொரு நாள் குறைவது ஈடுகட்டும் என்பதால், 4இன் வர்க்கமூலமான 2ஆல் பெருக்கினால் போதும்: 24. லாரி ஒரு நாள் தாமதித்தாலோ ஒரு முழு நாள் விற்பனையான 40 தேவைப்படும். இவ்விரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 47. இருபது ஆர்டரில் ஒன்றில் மட்டும் தட்டுப்பாடு வரலாம் என்று ஏற்றுக்கொண்டால், அதை 1.65ஆல் பெருக்க வேண்டும்.

```
=ROUNDUP(1.65*SQRT(4*12^2+40^2*1^2),0)
```

விடை 77. மறு ஆர்டர் நிலை 160 + 77 = 237. தட்டுப்பாடு நூறு ஆர்டரில் ஒன்றுக்கு மேல் கூடாதென்றால் 1.65க்குப் பதில் 2.33, காப்பு 109 ஆகும்.

இந்த 77 எதனால் வந்தது என்று பார்த்தால் கடைக்காரருக்கு உண்மையான லாபம் புரியும். லாரி தவறாமல் நான்காம் நாளே வந்தால் காப்பு 40 போதும். விற்பனை துளியும் மாறாமல், லாரி மட்டும் முன்பின் ஆனால் 66 தேவை. ஆகவே பணத்தை அதிகம் முடக்குவது வாடிக்கையாளரல்ல, லாரிதான். இன்னொரு ஏஜென்சி ஐந்து நாள் எடுத்தாலும் அந்த நாள் தவறாது என்றால், காப்பு 45 போதும். ஆர்டரை ஒரு நாள் முன்னதாகச் சொல்ல வேண்டியிருக்கும். அலமாரியில் வீணாகக் கிடப்பதோ 32 பாக்கெட் குறையும்.

கணக்கைக் கெடுப்பவை சில உண்டு. சரக்கே இல்லாத நாளின் விற்பனையைப் பூஜ்யம் என்று எழுதினால் சராசரி பொய்யாகும். அந்த நாளை விட்டுவிட வேண்டும். ஏற்கெனவே ஆர்டர் சொல்லி, வழியில் இருக்கும் சரக்கையும் இருப்போடு சேர்த்தே 237உடன் ஒப்பிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே சரக்குக்கு இரண்டு முறை ஆர்டர் போகும். தீபாவளி விற்பனை ஏற்ற இறக்கமல்ல, முன்பே தெரிந்த உயர்வு. அதைச் சாதாரண மாதங்களோடு கலக்காமல் தனியே கணக்கிட வேண்டும்.

போட்ட எண் சரிதானா என்று சோதிப்பது எளிது. ஒவ்வொரு முறை லாரி வரும்போதும் அலமாரியில் மிச்சமிருக்கும் பாக்கெட்டை எண்ணி எழுதிவாருங்கள். அதன் சராசரி 77ஐ ஒட்டியே இருக்க வேண்டும். தொடர்ந்து 100ஐத் தாண்டினால் காப்பைக் குறைக்க இடமுண்டு. அடிக்கடி வெற்று அலமாரியைக் கண்டால், விற்பனை மாறியதா, ஏஜென்சி மாறியதா என்று புதிதாக அளந்து பார்க்கும் வேளை வந்துவிட்டது.