1928-இல் எந்த ராமன்?

1928 மார்ச் 31 அன்று, இங்கிலாந்தின் 'நேச்சர்' இதழில் சிறு கடிதம் ஒன்று அச்சானது. எழுதியவர்கள் சி. வி. ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும். ஒருவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர், மற்றவர் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து வத்திராயிருப்புக்காரர். ஏப்ரல் 21-இல் அதே இதழில் ராமன் மட்டும் தனியாக ஒரு கடிதம் எழுதினார். மே 5-இல் மறுபடி இருவரும் சேர்ந்து ஒன்று, ஜூலையில் இன்னொன்று. இதற்கிடையில், மார்ச் 16 அன்று பெங்களூரில் ராமன் ஆற்றிய உரை 'இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்' இதழில் கட்டுரையாக வந்தது.

ஒரே ஆண்டில் ஐந்து எழுத்துகள். ராமன் விளைவு பற்றி ஆய்வேடு எழுதும் ஒருவர் இந்த ஐந்தையும் மேற்கோள் காட்ட வேண்டியிருக்கிறது. வாக்கியத்தின் முடிவில் அடைப்புக்குறிக்குள் "ராமன், 1928" என்று போட்டுவிட்டால், படிப்பவர் எதை எடுத்துப் பார்ப்பார்?

ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் மட்டும் கட்டுரைக்குள் சொல்லி, முழு விவரத்தைக் கடைசிப் பட்டியலுக்கு விடும் இந்த முறைக்குப் பழைய உதாரணமாகக் காட்டப்படுவது 1881-இல் ஹார்வர்டின் விலங்கியலாளர் எட்வர்ட் லாரன்ஸ் மார்க் நத்தை இனத்தைப் பற்றி எழுதிய ஆய்வு. பெயரும் ஆண்டும் சேர்ந்தால் ஒரே ஒரு நூலைத்தான் சுட்டும் என்ற நம்பிக்கையில் நிற்கிற முறை இது. அந்த நம்பிக்கை பொய்க்கும் இடங்களுக்காகவே மற்ற விதிகள் வந்தன.

ராமனுக்கே திரும்புவோம். இன்று பல்கலைக்கழகங்களில் பரவலாக உள்ள ஏபிஏ முறைப்படி, ஆண்டுக்குப் பின்னால் a, b, c என்று எழுத்து சேர்க்க வேண்டும். ஆனால் அதற்கு முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும்: ராமன் தனியாக எழுதியவை ஒரு கூட்டம், ராமனும் கிருஷ்ணனும் எழுதியவை வேறு கூட்டம். எழுத்து வரிசை ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனியாக a-யில் தொடங்கும். அதே பெயர்கள், அதே வரிசையில் இருந்தால்தான் ஒரே கூட்டம். பட்டியலில் தனி ஆசிரியர் முதலில் வருவார், கூட்டாசிரியர்கள் அடுத்து.

எந்தக் கட்டுரைக்கு a? பலர் முதலில் வெளியானதற்கு a என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஏபிஏ அப்படிச் சொல்லவில்லை. ஆண்டு மட்டும் தரப்படும் இதழ்க் கட்டுரைகளில் தலைப்பின் அகர வரிசைதான் கணக்கு, அதிலும் தலைப்பின் தொடக்கத்தில் உள்ள 'ஏ', 'தி' போன்ற சுட்டுச் சொற்களை விட்டுவிட்டுப் பார்க்க வேண்டும். ராமன் தனியாக எழுதிய இரண்டில் ஒன்று 'ஏ சேஞ்ச் ஆஃப் வேவ்-லெங்க்த்' என்று தொடங்குகிறது, மற்றது 'ஏ நியூ ரேடியேஷன்'. 'சேஞ்ச்' என்பதன் முதல் எழுத்து 'சி', 'நியூ' என்பதற்கு 'என்'. ஆகவே ஏப்ரல் கடிதம் 1928a ஆகிறது, அதற்கு முன்பே பெங்களூரில் பேசப்பட்ட உரை 1928b ஆகிறது. காலத்தால் முந்தியது பின்னால் போனாலும் பிழையில்லை. அந்த எழுத்து ஓர் அடையாளச் சீட்டு மட்டும்தான், அது வரலாற்றைச் சொல்வதில்லை.

இருவரும் சேர்ந்து எழுதியவற்றில்தான் சிக்கல் நன்றாகத் தெரிகிறது. ஆய்வாளர் முதலில் இரண்டை மட்டும் எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் கடிதத்தின் தலைப்பு 'நியூ டைப்', மே கடிதத்தினுடையது 'ஆப்டிக்கல் அனலாக்' என்று போகிறது. அதனால் மார்ச் a, மே b. ஆய்வேட்டில் இப்படி வரும்:

```
(Raman & Krishnan, 1928a)
(Raman & Krishnan, 1928a, 1928b)
```

இரண்டு அத்தியாயம் முடிந்த பிறகு ஜூலைக் கடிதமும் தேவைப்படுகிறது. அதன் தலைப்பு 'நெகட்டிவ் அப்சார்ப்ஷன்'. ஆங்கில எழுத்துக்கூட்டில் 'நெகட்டிவ்' 'நியூ'வுக்கு முந்தியது. எனவே ஜூலைக் கடிதம் a ஆகிறது, மார்ச் b-க்கு இறங்குகிறது, மே c-க்குப் போகிறது. ஏற்கெனவே எழுதிய இரண்டு அத்தியாயங்களிலும் உள்ள ஒவ்வொரு 1928a-வும் இப்போது தவறான கடிதத்தைக் காட்டுகிறது. இந்தப் பிழை மிகவும் மோசமானது, ஏனென்றால் பார்த்தால் பிழை போலவே தெரியாது. விடுபட்ட ஆண்டையாவது கண் பிடித்துவிடும். தவறான எழுத்தைப் பட்டியலோடு வைத்துப் பார்க்காமல் யாராலும் பிடிக்க முடியாது.

திருத்தும்போது இன்னொரு வழுக்கல் உண்டு. கணினியில் முதலில் a-யை b ஆக்கிவிட்டு, பிறகு b-யை c ஆக்கினால், இரண்டும் c ஆகிவிடும். கடைசியிலிருந்து தொடங்கி, b-யை c ஆக்கிய பின்னரே a-யைத் தொட வேண்டும். அனுபவமுள்ளவர்கள் வரைவு முடியும்வரை எழுத்தே போடுவதில்லை. '1928-மார்ச்', '1928-ஜூலை' என்று தற்காலிகக் குறிப்பு வைத்துக்கொண்டு, பட்டியல் முடிவான அன்று ஒரே மூச்சில் மாற்றுகிறார்கள். வேறொருவரின் கட்டுரையில் கண்ட எழுத்தை அப்படியே எடுத்துப் போடுவதும் கூடாது. அந்த a அவருடைய பட்டியலுக்கு மட்டுமே உரியது.

ஆசிரியர்கள் இருவராக இருக்கும்வரை இரு பெயரையும் ஒவ்வொரு முறையும் சொல்லிவிடலாம். மூவரானால்? 2019-இல் வந்த ஏபிஏ ஏழாம் பதிப்பின்படி, மூவரோ அதற்கு மேலோ இருந்தால் முதல் முறையிலிருந்தே முதல் பெயரும் 'எட் அல்.' என்பதும் போதும். முந்தைய பதிப்பில் மூன்று முதல் ஐந்து பேர் வரை முதல் தடவை எல்லோரையும் எழுத வேண்டியிருந்தது. பழைய வழிகாட்டியைக் கையில் வைத்திருப்பவர்கள் இன்னும் அப்படித்தான் எழுதுகிறார்கள். லத்தீன் 'எட் அலியி' என்பதன் சுருக்கம் என்பதால் புள்ளி 'அல்' என்பதற்குப் பின்னால் மட்டும் வரும்.

அந்தச் சொல் பன்மை என்பதை மறக்கக் கூடாது. தமிழில் 'பிறர்' என்று எழுதுகிறோமே, அதைப் போல. கமலா, பாண்டியன், ராஜன் மூவரும் 2021-இல் ஒரு கட்டுரை எழுதுகிறார்கள், கமலா, பாண்டியன், மணி அதே ஆண்டு இன்னொன்று எழுதுகிறார்கள் என்று கொள்வோம். இரண்டும் 'கமலா எட் அல்., 2021' என்று சுருங்கிவிடும். இங்கே a, b போடத் தோன்றும், ஆனால் ஆசிரியர் கூட்டம் வேறு என்பதால் ஏபிஏ அதை ஏற்பதில்லை. வேறுபாடு தெரியும் பெயர்வரை விரித்து எழுதச் சொல்கிறது. 'கமலா, பாண்டியன்' வரை ஒன்றாக இருப்பதால் மூன்றாவது பெயரும் வேண்டும். அதற்குப் பின் யாரும் மிஞ்சாததால் 'எட் அல்.' போட இடமில்லை, மூவரையும் முழுதாக எழுதுவதே வழி. நால்வர் கட்டுரையாக இருந்து, மூன்றாவது பெயரிலேயே வேறுபாடு தெரிந்தாலும், மிஞ்சுவது ஒருவரே என்பதால் அங்கும் எல்லாப் பெயரும் வரும். ஐந்தாவது ஆள் இருந்தால்தான் மூன்று பெயருக்குப் பின் சுருக்கம் பொருந்தும்.

கடைசிப் பட்டியலுக்கு வேறு கணக்கு. ஏபிஏ இருபது பேர்வரை எல்லோரையும் எழுதச் சொல்கிறது. அதற்கு மேல் போனால் முதல் பத்தொன்பது பேர், பிறகு மூன்று புள்ளி, பிறகு கடைசிப் பெயர். 2015-இல் ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி செர்ன் ஆய்வுக்கூடத்தின் இரண்டு குழுக்கள் வெளியிட்ட கட்டுரையில் 5,154 ஆசிரியர்கள் இருந்தார்கள். 33 பக்கக் கட்டுரையில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும்தான். கட்டுரைக்குள் அது 'ஆட் எட் அல்., 2015' என்று ஒரு வரியில் அடங்கிவிடும். சிகாகோ கையேட்டில் எண்ணிக்கைகள் வேறு, 2024-இல் வந்த பதினெட்டாம் பதிப்பு அவற்றையும் மாற்றியிருக்கிறது. அதனால் எந்தக் கையேடு, எந்தப் பதிப்பு என்று துறையிடம் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஜோட்டெரோ போன்ற மென்பொருள் இந்த எழுத்துகளைத் தானே போட்டுவிடும். ஆனால் ஒரு பதிவில் 'சி. வி.' என்றும் மற்றொன்றில் 'சந்திரசேகர வெங்கட' என்றும் முன்பெயர் இருந்தால், அது ராமனை இரண்டு பேராக எண்ணிக்கொள்ளும். a, b வர வேண்டிய இடத்தில் வராது, அதற்குப் பதிலாக ஆசிரியர் பெயருக்கு முன்னால் திடீரென்று முதலெழுத்துகள் முளைக்கும். அதைப் பார்த்தவுடன் மேற்கோளைக் கையால் திருத்தாமல், மூலப் பதிவைத் திறந்து பெயரை ஒரே மாதிரி ஆக்கினால் a, b தானாகத் திரும்பி வந்துவிடும்.