வெண்ணெய்க்கு வைத்த பெயர்

குஜராத்தில் ஆனந்த் நகரை ஒட்டிய ஒரு கிராமத்தில், பால் சங்கத்தின் ஆண்டு விழா. சாயங்காலப் பாலை ஊற்றிவிட்டு வந்த பெண்கள் காலிப் பாத்திரங்களோடு பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். பேச அழைக்கப்பட்டவர் ஓய்வுபெற்ற பால்பண்ணை அதிகாரி. மாலை, வணக்கம் எல்லாவற்றையும் சட்டென்று முடித்துக்கொண்டு, கைப்பையிலிருந்து ஒரு வெண்ணெய்ப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அமுல்னு இதுக்கு ஏன் பேர் வந்தது?"

முன்வரிசைப் பையன் துள்ளி எழுந்தான். "ஆனந்த் மில்க் யூனியன் லிமிடெட்!"

"அந்தப் பேர்ல சங்கம் எதுவும் பதிவாகலையே, தம்பி."

உண்மைதான். 1946 டிசம்பர் 14 அன்று பதிவான சங்கத்தின் பெயர், கைரா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் சங்கம். ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்துகளைச் சேர்த்தால் வாயில் நுழையாது. நம் பொது அறிவுப் புத்தகங்களும் அந்தப் பையனைப் போலத்தான் விரிவாக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்கின்றன.

சங்கம் தொடங்கிப் பல வருடங்கள் அதற்கு வணிகப் பெயரே கிடையாது என்பதைப் பெரியவர் நிதானமாக விளக்கினார். தேவைப்படவில்லை. 1948-இல் இரண்டே கிராமங்களின் பாலோடு வேலை ஆரம்பமானது. பால் பம்பாய் அரசின் பால் திட்டத்துக்குப் போனது. கேனில் வந்து கேனில் போகும் பாலுக்குப் பெயர் எதற்கு?

சிக்கல் எருமையால் வந்தது. குளிர்காலத்தில் அது கோடையைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கறக்கும். பம்பாயோ அந்த உபரியை வாங்கத் தயாராக இல்லை. ஊற்ற வருகிறவரிடம், "இன்னைக்கு வேண்டாம்மா" என்று சொன்னால் சங்கம் நிலைக்காது. மிஞ்சும் பாலைக் கெடாத பொருளாக மாற்றியாக வேண்டும். அதற்காகக் கட்டிய தொழிற்சாலையை 1955 அக்டோபர் 31 அன்று நேரு திறந்துவைத்தார். எருமைப் பாலைப் பவுடராக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது, தொழில்நுட்பர் எச். எம். தலாயா செய்து காட்டியிருந்தார்.

பவுடரோடு வெண்ணெயும் வந்தது. வெண்ணெய் கடை அலமாரியில் நிற்கும் சரக்கு. பக்கத்தில் போல்சன் வெண்ணெய் இருக்கும். அந்தப் பெயருக்கும் ஒரு கதை உண்டு. முதலாளி பெஸ்தோன்ஜி என்ற பார்சி; 'பாலி' என்பது அவருடைய செல்லப்பெயர். வெள்ளைக்கார வாடை அடித்தால் விற்கும் என்று அதையே போல்சன் ஆக்கிக்கொண்டார். விற்கவும் செய்தது. அதற்கு எதிரே கைரா மாவட்டம் என்று தொடங்கும் நீளப் பெயரை அச்சடித்தால் பொட்டலத்தில் இடமே மிஞ்சாது.

சங்கத்தின் மேலாளர் வர்கீஸ் குரியன் சுருக்கமான பெயராகத் தேடினார். ஆய்வுக்கூடத்தில் பாலின் தரம் பார்க்கும் ஊழியர் ஒருவர்தான் 'அமுல்' என்றார். 'அமூல்ய', விலைமதிப்பற்றது என்ற வடசொல்லிலிருந்து வெட்டி எடுத்தது. எந்த மொழிக்காரர் வாயிலும் நிற்கும். சுதேசித் தொனியும் உண்டு. ஆனந்தின் ஆங்கில முதலெழுத்து அதில் தொடக்கமாக அமைந்ததால் அந்த விரிவாக்கமும் பொருந்திப்போனது. 1957-இல் வணிகப் பெயராகப் பதிவு செய்தார்கள். (தமிழில் 'சட்டம் அமுலுக்கு வந்தது' என்கிறோமே, அது அரபி வழி வந்த வேறு சொல்.)

"பேர் நல்லா இருந்துச்சு, வெண்ணெய்தான் விக்கலை" என்று பெரியவர் சொன்னதும் பந்தல் சிரித்தது. போல்சன் நாள்பட்டுப் புளித்த கிரீமில் செய்தது. மஞ்சளாக, உப்புக் கரித்து, வாசனையோடு இருக்கும். மக்களுக்கு அதுதான் வெண்ணெய். ஆனந்தின் வெண்ணெய் அன்றன்றைய கிரீமில் கடைந்தது. எருமைப் பால் என்பதால் வெளுப்பு; ருசியும் சப்பென்று இருந்தது. கடைசியில் உப்பும் நிறமும் சேர்த்தார்கள். புளித்த கிரீமில் தானாக உண்டாகும் மணத்துக்கு டைஅசிட்டைல் என்ற அனுமதிக்கப்பட்ட பொருளைக் கலந்தார்கள். விலைமதிப்பற்றது என்று பெயர் வைத்தவர்களே எதிராளியின் ருசிக்கு இறங்கி வரவேண்டியிருந்தது. ஆண்டு விழா மேடைகளில் பெரும்பாலும் இந்தப் பகுதியை விழுங்கிவிடுவார்கள்.

இன்னொன்றையும் அவர் சொன்னார். 1973-இல் மாவட்டச் சங்கங்களின் பால்பொருள்களை ஒன்றாக விற்க குஜராத் கூட்டமைப்பு அமைந்தபோது, அமுல் என்ற பெயர் கைரா சங்கத்தின் சொத்தாக இருந்தது. அதை மற்ற மாவட்டங்களின் சரக்குக்கும் பயன்படுத்த விட்டார்கள். மெஹ்சானா சங்கத்துக்குச் சொந்தமாகவே 'தூத்சாகர்' என்ற அழகான பெயர் இருந்தது. பாற்கடல் என்று பொருள். ஆனாலும் அந்த மாவட்டத்துப் பாலும் அமுலாகவே கடைக்குப் போனது.

பேச்சு முடிந்ததும் அந்தப் பையன் மேடையோரம் போய்ப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பின்பக்கப் பொடி எழுத்தில் 'கைரா' இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தான்.