கையால் தொட முடியாத சேலை

ஜவுளிக் கடையில் சேலை வாங்குபவர் அதிகம் பேசுவதில்லை. விரித்துப் போட்டதும் துணியை இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்ப்பார். முந்தானையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோவார். மடிப்பைப் புரட்டி, பிளவுஸ் துணி எங்கே இருக்கிறது என்று தேடுவார். தோளில் போட்டுக் கண்ணாடியைப் பார்ப்பார். விற்பவர் ஒரு வார்த்தை சொல்லாவிட்டாலும் பாதிக் கேள்விகளுக்கு அவருடைய கையும் கண்ணுமே பதில் கண்டுபிடித்துவிடும். ஆன்லைன் கடையில் அந்தக் கைக்கு வேலையே இல்லை. அது கண்டுபிடிக்க வேண்டியதையெல்லாம் விற்பவர் எழுதித்தான் சொல்ல வேண்டும்.

செட்டிநாடு பருத்திச் சேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அரக்குச் சிவப்பு உடல், அதில் கட்டம், அகலமான கறுப்புக் கரை. இப்படிப்பட்ட சேலைக்குப் பல கடைகளில் காணப்படும் தலைப்பு ஏறக்குறைய இப்படி இருக்கும்: ‘அழகிய புதுவரவு டிரெண்டிங் காட்டன் சேலை, பெண்களுக்கு.’ இதிலிருந்து வாங்குபவருக்குக் கிடைக்கும் செய்தி ‘காட்டன்’ ஒன்றுதான். சேலை பெண்களுக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். அழகா இல்லையா என்பதை அவர் கண் முடிவு செய்யும். பக்கத்தில் இருக்கும் நாற்பது சேலைகளுக்கும் இதே தலைப்பைப் பெயர்த்து ஒட்டலாம் என்றால் அது இந்தச் சேலையின் தலைப்பு இல்லை.

தலைப்பில் எது முன்னால் வர வேண்டும் என்பதைக் கைபேசித் திரைதான் முடிவு செய்கிறது. தேடல் முடிவுகளில் தலைப்பு முழுதாகத் தெரியாது. கூகுளின் விற்பனைப் பகுதி 150 எழுத்துகள் வரை ஏற்றுக்கொள்கிறது, ஆனால் வாங்குபவர் பார்ப்பது பெரும்பாலும் முதல் 70 எழுத்துகளைத்தான் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. ஆகவே பொருளின் பெயரும் இதைப் பிறவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் தன்மையும் அந்த முதல் வரிக்குள் வந்துவிட வேண்டும். நமது சேலைக்கு இப்படி எழுதலாம்: ‘செட்டிநாடு கைத்தறி காட்டன் சேலை, அரக்குச் சிவப்பு, கறுப்புக் கரை, 5.5 மீ, பிளவுஸ் இல்லை.’ கடைப் பெயரை முதலில் போட்டு இடத்தை அடைக்க வேண்டாம். வாங்குபவர் தேடிவந்தது சேலையை. ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து தேடுபவர்கள் ஏராளம் என்பதால், அதே தலைப்பின் ஆங்கில வடிவத்தையும் கடை மென்பொருளில் அதற்குரிய கட்டத்தில் கொடுத்துவிடுவது நல்லது.

‘பிளவுஸ் இல்லை’ என்பதைத் தலைப்பிலேயே போட வேண்டுமா என்று விற்பவர்கள் தயங்குவார்கள். போட வேண்டும் என்பதே என் கருத்து. சேலை விஷயத்தில் மிகச் சாதாரணமாக வரும் மனக்கசப்பு நீளத்தைப் பற்றியது. ஒரு கடை 6.3 மீட்டர் என்று எழுதுகிறது, இன்னொரு கடை 5.5 மீட்டர் என்று எழுதுகிறது. முதல் சேலை நீளமானது என்று வாங்குபவர் நினைத்துக்கொள்கிறார். உண்மையில் இரண்டும் ஒரே நீளம்தான், முதலாவதில் 80 சென்டிமீட்டர் பிளவுஸ் துணியும் சேர்த்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். எனவே இரண்டையும் பிரித்து எழுதுங்கள்: சேலை 5.5 மீட்டர், அதோடு பிளவுஸ் துணி 80 சென்டிமீட்டர். அந்தத் துணி சேலையோடு சேர்ந்து ஓடும் ரன்னிங் பிளவுஸா, தனித் துண்டா, அதில் கரை உண்டா, வெறும் துணியா என்பதும் தையல்காரரிடம் போகும்போது தேவைப்படும். அகலத்தையும் விட்டுவிட வேண்டாம். உயரமான பெண்ணுக்கு 46 அங்குலத்துக்கும் 48 அங்குலத்துக்கும் வித்தியாசம் கணுக்காலில் தெரியும்.

இந்த அளவுகளை நெசவாளரோ மொத்த வியாபாரியோ சொன்னபடி எழுதாமல், சேலையைத் தரையில் விரித்து டேப் வைத்து அளந்து எழுதுங்கள். கைத்தறியில் ஒரே பாவில் இறங்கிய சேலைகளுக்குள்ளேயே சில சென்டிமீட்டர் கூடும், குறையும். ஐந்தாறு சேலைகளை அளந்து, அவற்றில் குறைந்த அளவைப் போட்டால் யாருக்கும் குறை இருக்காது. கூடவே சமையலறைத் தராசில் எடை பார்த்து அதையும் எழுதுங்கள். ‘கனமான துணி’, ‘லேசான துணி’ என்பவை ஆளுக்கு ஆள் மாறும். 550 கிராம் என்பது யாருக்கும் மாறாது. ஏற்கெனவே வீட்டில் இருக்கும் சேலையை எடை போட்டு ஒப்பிட்டுக்கொள்ளலாம். நூல் நம்பர் தெரிந்தால் அதையும் சேர்க்கலாம், ஆனால் விளக்கத்தோடு. 60 நம்பர் நூல் தடிமன், 100 நம்பர் மெல்லியது. நம்பர் ஏற ஏற நூல் மெலியும் என்பது நெசவூர்களுக்கு வெளியே பலருக்குத் தெரியாது.

அடுத்தது, எதில் நெய்தது என்ற கேள்வி. விற்பவரே அறியாமல் பொய் சொல்லிவிடும் இடம் இது. மொத்தக் கடையில் ‘காட்டன்’ என்று சொல்லி வாங்கி வந்ததை அப்படியே காட்டன் என்று எழுதிவிடுகிறார். கலப்பு நூல் பல சமயம் ஒரு திசையில் மட்டும் இருக்கும். பாவு பருத்தி, ஊடை பாலியெஸ்டர் என்று நெய்திருப்பார்கள். சேலையின் ஓரத்திலிருந்து நீளவாக்கில் ஒரு நூல், குறுக்குவாக்கில் ஒரு நூல் உருவி, இரண்டையும் தனித்தனியாகக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியும் சாம்பல் தரும். பாலியெஸ்டர் சுருங்கி உருகி, கெட்டியான கறுப்பு உருண்டையாக நிற்கும். பட்டு முடி பொசுங்கும் நாற்றம் அடிக்கும். ஆனால் இந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. விஸ்கோஸ், அதாவது ரேயான், பருத்தியைப் போலவே எரியும், இரண்டுக்கும் அடிப்படை செல்லுலோஸ்தான். சந்தேகம் தீராவிட்டால் மத்திய அரசின் ஜவுளிக் குழு நடத்தும் பரிசோதனைக் கூடங்களுக்கு ஒரு துண்டு அனுப்பலாம். அதுவரை ‘நூறு சதவீதம் காட்டன்’ என்று எழுதாமல் இருப்பதே நியாயம். ‘ஆர்ட் சில்க்’, ‘செமி சில்க்’ வகைகளுக்கும் இதே முறைதான். விஸ்கோஸ் என்றால் விஸ்கோஸ் என்றும், பாலியெஸ்டர் என்றால் பாலியெஸ்டர் என்றும் முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும்.

‘கைத்தறி’ என்பதும் ‘கண்டாங்கி’ என்பதும் அலங்காரச் சொற்கள் அல்ல. காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயர் அந்த வட்டாரத்தின் நெசவோடு கட்டுண்டது. அதே கட்டங்களையும் நிறங்களையும் வைத்து வேறு ஊர்களில் விசைத்தறியில் நெய்த சேலைகளும் சந்தையில் இருக்கின்றன. அவற்றை விற்பதில் தவறில்லை. ‘கண்டாங்கி மாதிரிக் கட்டம், விசைத்தறி’ என்று எழுதினால், விலை ஏன் குறைவு என்பதும் வாங்குபவருக்குத் தானே புரியும். கைத்தறிச் சேலைக்கும் ஏன் கூடுதல் விலை என்று அப்போது கேள்வி எழாது.

நிறம்தான் எழுத்துக்கு மிகவும் கடினமானது. கைபேசிக் கேமரா சிவப்பைக் கூடுதலாகத் தூக்கிக் காட்டும். மஞ்சள் குழல்விளக்கின் கீழே எடுத்த பச்சை, பழுப்பாகத் தெரியும். வெயில் நேரடியாக விழாத ஜன்னல் ஓரத்தில் பகலில் படம் எடுத்து, சேலையைப் பக்கத்தில் வைத்துத் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் ஏற்றுங்கள். அப்படியும் வாங்குபவரின் திரையில் என்ன தெரியும் என்பது நம் கையில் இல்லை. அதனால்தான் நிறத்துக்குப் பெயர் வேண்டும். ‘ரெட்’ என்பதற்குள் இருபது சிவப்பு இருக்கிறது. அரக்கு, குங்குமம், செங்கல், மாதுளை என்று சொன்னால் நம் ஊர்க் கண்ணுக்கு உடனே பிடிபடும். மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, வெங்காயத் தோல் நிறம், எம்.எஸ். நீலம் எல்லாம் சேலைக் கடைகளில் நெடுநாளாகப் புழங்கும் பெயர்கள். பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம் என்று நெய்த மயில்கழுத்து வகைக்கு ஒரே படம் போதாது. அசையும்போது ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் பச்சையாகவும் அது மின்னும், படமோ ஏதாவது ஒன்றைத்தான் பிடிக்கும். எந்த இரண்டு நிற நூல்கள் என்று எழுதி, மடித்த கோலத்தில் ஒன்றும் விரித்த கோலத்தில் ஒன்றுமாக இரண்டு படங்கள் போட வேண்டும்.

இனி, விற்பவர்கள் எழுதத் தயங்கும் விஷயங்கள். புது செட்டிநாடு சேலை கஞ்சியோடு விறைப்பாக இருக்கும். அடர்ந்த நிறங்களில் முதல் சில சலவைகளில் சாயம் இறங்கலாம். கைத்தறியில் அங்கங்கே நூல் முடிச்சு தென்படும், கரையோரம் ஊசித் துளைகள் இருக்கும். கடையில் இதையெல்லாம் விற்பவர் வாயால் சொல்லிவிடுவார். வீட்டில் பார்சலைப் பிரிக்கும் பெண்ணுக்குச் சொல்ல யாரும் இல்லை. அவர் அதைக் குறையுள்ள துணி என்றே எடுத்துக்கொள்வார். முன்கூட்டி எழுதியிருந்தால் அதுவே கைத்தறியின் இயல்பாகத் தெரியும். ஆனால் இயல்பு என்ற பெயரில் குறையை மறைத்துவிடவும் கூடாது. நூல் அறுந்து ஓடிய இடைவெளி, கறை, முந்தானையில் நிறம் மாறிய பட்டை ஆகியவை குறைகள்தான். அப்படிப்பட்ட சேலையைத் தனியே எடுத்து, குறையைப் படத்தில் காட்டி, விலையைக் குறைத்து விற்க வேண்டும்.

எல்லாவற்றையும் சேர்த்தால் நமது சேலையின் விவரம் இப்படி வரும்:

‘செட்டிநாடு பருத்திச் சேலை. கைத்தறி. பாவு, ஊடை இரண்டும் பருத்தி, 60 நம்பர் நூல். உடல் அரக்குச் சிவப்பு, அதில் மெல்லிய கறுப்புக் கட்டம். இருபுறமும் 4 அங்குலக் கறுப்புக் கரை. சேலை 5.5 மீட்டர் நீளம், 47 அங்குல அகலம், எடை சுமார் 550 கிராம். பிளவுஸ் துணி கிடையாது. புதிதில் கஞ்சியால் விறைப்பாக இருக்கும், இரண்டு மூன்று சலவைக்குப் பின் மென்மையாகும். முதல் மூன்று முறை தனியே துவைக்கவும், சாயம் இறங்கும். அங்கங்கே சிறு நூல் முடிச்சு இருக்கலாம். படத்தில் இருக்கும் இதே வடிவமைப்பில் 6 சேலைகள் உள்ளன, கட்டத்தின் அளவு சேலைக்குச் சேலை சிறிது மாறும்.’

படிக்க அரை நிமிடம் ஆகாது. கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ‘படத்தில் உள்ள அதே சேலையே அனுப்பப்படும்’ என்பதும் ‘இதே வகைச் சேலை அனுப்பப்படும்’ என்பதும் இரண்டு வேறு வாக்குறுதிகள். ஒற்றைச் சேலை என்றால் முதலாவதை எழுதலாம், பல சேலைகள் என்றால் இரண்டாவதை.

இந்த எழுத்துக்குச் சட்டத்திலும் இடம் உண்டு. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின் வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லாவிட்டால் அதைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்க முடியாது. கடைப் பக்கத்தின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று எழுதி வைத்திருந்தாலும், ‘காட்டன்’ என்று சொல்லிக் கலப்பு நூல் அனுப்பியிருந்தால் அந்த வரி கைகொடுக்காது.

விவரத்தை ஒருமுறை எழுதிவிட்டு மறந்துவிடவும் கூடாது. வாட்ஸாப்பில் இரண்டு பேர் ‘பிளவுஸ் இருக்கா அக்கா?’ என்று கேட்டால், அந்த வரி பக்கத்தில் எளிதில் கண்ணில் படவில்லை என்று பொருள். அதை மேலே ஏற்றுங்கள். திரும்பி வரும் சேலைகளோடு வரும் காரணங்களையும் ஒரு நோட்டில் குறித்து வைக்கலாம். ‘நிறம் வேறு’ என்று மீண்டும் வந்தால் படத்தை மாற்ற வேண்டும். ‘நினைத்ததைவிடத் தடிமன்’ என்று வந்தால் எடையும் நூல் நம்பரும் எங்கே இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். ‘பிடிக்கவில்லை’ என்று மட்டும் வந்தால் விவரத்தில் மாற்ற எதுவும் இல்லை, சேலையை மடித்துப் பழைய இடத்தில் வைத்துவிடலாம்.