வால் பக்கம் நிரம்பும் டியூப்

பற்பசை டியூபின் வால் ஓரத்தில் சின்னதாக ஒரு வண்ணக் கட்டம் இருக்கும். பச்சை என்றால் இயற்கைப் பொருள், நீலம் என்றால் பாதி மருந்து, கறுப்பு என்றால் முழுக்க ரசாயனம் என்று அதற்கு விளக்கம் சொல்லும் வாட்ஸ்அப் செய்தி உங்களுக்கும் வந்திருக்கலாம். அந்தக் கட்டத்துக்கும் உள்ளே இருக்கும் பேஸ்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது நமக்காக அச்சிட்டதே இல்லை, இயந்திரத்துக்காக அச்சிட்டது.

டியூபில் பேஸ்டை வாய் வழியாக நிரப்புவதில்லை. மூடி திருகிய நிலையில், வால் பக்கம் திறந்த குழாய்களாகத்தான் டியூப்கள் தொழிற்சாலைக்கு வந்து சேர்கின்றன. நிரப்பும் இயந்திரம் அவற்றைத் தலைகீழாக நிறுத்தும். மேலிருந்து ஒரு குழல் உள்ளே இறங்கும். பேஸ்ட் ஏற ஏற அதுவும் மெல்ல மேலே வரும். வால் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் இடம் காலியாக விடப்படும். பிறகு அந்த ஓரத்தைத் தட்டையாக அழுத்தி மூட வேண்டும். குழாய் உருண்டையாக இருக்கிறதே, எந்தத் திசையில் அழுத்துவது? கண்டபடி அழுத்தினால் கம்பெனிப் பெயர் பக்கவாட்டில் போய் மடங்கிவிடும். அதனால் ஒரு ஒளி உணரி அந்த வண்ணக் கட்டத்தைத் தேடும். கட்டம் கண்ணில் படும்வரை குழாய் சுழலும், பட்டதும் நிற்கும். பெயர் சரியாக முன்பக்கம் வந்துவிடும். பின்னணி நிறத்திலிருந்து கட்டம் பளிச்சென்று பிரிந்து தெரிந்தால் போதும். எந்த நிறம் என்பது அச்சடிப்பவரின் வசதி.

இப்படி ஒரு பக்கம் உருண்டையாகவும் மறுபக்கம் தட்டையாகவும் இருப்பதால்தான் டியூபுக்கு அந்த வடிவம். தோள்பட்டையில் 35 மில்லிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு சுமார் 110 மில்லிமீட்டர். வாலில் அதே சுற்றளவைத்தான் இரண்டாக மடக்குகிறோம். அகலம் 55 மில்லிமீட்டர் ஆகிவிடும். அதாவது தலையைவிட வால் 20 மில்லிமீட்டர் அகலம். பக்கவாட்டில் பார்த்தால் அது ஒன்றுமில்லாமல் மெலிந்து போகும், நேரே பார்த்தால் விரிந்து கொண்டே போகும். கையில் இதமாகப் படியும் அந்த வளைவை யாரும் தனியாக வரைந்து கொடுக்கவில்லை.

இனி அந்த வரிவரியான முத்திரை. இன்றைய பற்பசை டியூப் பெரும்பாலும் பல அடுக்குத் தாள். உள்ளும் புறமும் பாலித்தீன். ஈரமும் மணமும் வெளியேறாமலிருக்க, பல டியூப்களில் நடுவே மெல்லிய அலுமினியத் தகடும் உண்டு. பாலித்தீன் 100 டிகிரியைக் கொஞ்சம் தாண்டினால் உருகும். வெளியிலிருந்து சூடு வைத்தால் அச்சு கெட்டுவிடும் என்பதால், குழாய்க்குள் ஒரு முனையை இறக்கி, உள்சுவரில் மட்டும் சூடான காற்றை ஊதுவது பரவலான முறை. உருகிய கையோடு இரண்டு குளிர்ந்த தாடைகள் வந்து கவ்வும். சுவர்கள் ஒட்டி அங்கேயே இறுகும். செங்குத்துக் கோடுகளும், பெரும்பாலும் தேதி எண்ணும்கூட, அந்தத் தாடையிலிருந்து பதிந்தவை. கடைசியில் ஒரு கத்தி ஓரத்தை நேராக நறுக்கும்.

இந்த வேலையில் பெரிய எதிரி அந்தப் பேஸ்டேதான். குழல் மேலே வரும்போது நூல் போல இழுபட்டு, வால் ஓரத்தின் உள்சுவரில் ஒரு துளி தீற்றிவிட்டால் போயிற்று; அந்த இடத்தில் பாலித்தீனோடு பாலித்தீன் ஒட்டாது. வெளியே பார்த்தால் கோடுகள் அழகாகத்தான் இருக்கும். கைப்பையில் நசுங்கும்போதுதான் கசியும். அதனால் மாதிரிக்குச் சில டியூப்களை எடுத்துக் காற்றழுத்தம் கொடுத்துப் பார்ப்பார்கள், முத்திரையைப் பிரித்தும் பார்ப்பார்கள். நல்ல முத்திரை பிரியாது, தாளே கிழியும். இரண்டு சுவரும் சுத்தமாக உரிந்து வந்தால் சூடு போதவில்லை, அல்லது இடையில் பேஸ்ட் இருந்திருக்கிறது.

அலுமினிய டியூபில் இந்த உருக்கும் வேலையே கிடையாது. அமெரிக்க ஓவியர் ஜான் ரேண்ட் 1841-இல் வண்ணத்துக்காகக் காப்புரிமை பெற்ற தகர டியூபைப் போல, வாலை மடித்தே மூடலாம். உலோகம் மடித்தால் மடித்தபடியே கிடக்கும். பிழிந்த பிறகு பழைய வடிவத்துக்குத் திரும்பி வெளிக்காற்றை உள்ளே இழுக்காது. கண் களிம்பு போன்றவை இன்னமும் உலோக டியூபில் வருவதற்கு இது ஒரு காரணம். சில களிம்பு டியூப்களில் வாயையும் மெல்லிய உலோகச் சவ்வு அடைத்திருக்கும். மூடியைத் திருப்பிப் பிடித்தால் அதன் உச்சியில் ஒரு கூர்முனை தெரியும். சவ்வைக் குத்தித் திறப்பதற்குத்தான் அது. ஊசியைத் தேட வேண்டியதில்லை.

பற்பசை மூடி வாயைவிட அகலமாகவும் உச்சி தட்டையாகவும் இருந்தால் டியூபைத் தலைகீழாக நிறுத்தலாம்; பேஸ்ட் வாயருகே இறங்கி நிற்கும். ஆனாலும் கடைசிப் பேஸ்ட் தோள்பட்டையில் மாட்டிக்கொள்ளும். தோள் தனியாக வார்த்து உடலோடு ஒட்டிய கெட்டிப் பிளாஸ்டிக், எவ்வளவு சுருட்டினாலும் நசுங்காது. சுருட்டி அலுத்தவர்கள் தோளுக்குக் கீழே கத்தரியால் வெட்டிவிட்டுப் பிரஷ்ஷை உள்ளே விடலாம். இன்னும் இரண்டு மூன்று நாளுக்கு ஓடும்.