எழுபதில் இறங்கி எண்பதில் ஏறும் செலவு

மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவருக்கு 80 வயது நிறைந்ததும் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுகிறது. 85 வயதில் இந்தக் கூடுதல் 30 சதவீதம், 90 வயதில் 40, 95 வயதில் 50. நூறு வயதைத் தொட்டவருக்கு அடிப்படை ஓய்வூதியம் இரண்டு மடங்காகிவிடும். ஆறாவது ஊதியக் குழுவின் காலத்தில் வந்த ஏற்பாடு இது. விலைவாசிக்காகத் தரப்படும் அகவிலைப்படி இதில் சேராது, அது தனி. எண்பதைத் தாண்டியவருக்குச் செலவே கூடுகிறது என்பதற்காகத் தருவது இது.

தனியார் நிறுவனத்தில் உழைத்து ஓய்வு பெற்றவருக்கு இப்படி யாரும் கூட்டித் தருவதில்லை. பி.எஃப். பென்ஷன் முதல் மாதம் எவ்வளவு வந்ததோ அதுதான் இருபது ஆண்டு கழித்தும் வரும். அதில் அகவிலைப்படி கிடையாது. ஆக, அரசு தன் ஊழியருக்காகப் போடும் கணக்கை இவர் தனக்காகத் தானே போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு முதலில், அறுபதுக்குப் பிறகு செலவு எப்படி நகர்கிறது என்று தெரிய வேண்டும்.

வழக்கமான கணக்கு எளிமையானது. இன்றைக்கு மாதம் இவ்வளவு ஆகிறது. அதை விலைவாசி ஏற்றத்தோடு ஆண்டுதோறும் கூட்டிக்கொண்டே 90 வயதுவரை போனால் மொத்தம் எவ்வளவு தேவை என்று தெரிந்துவிடும். ஆனால் நிஜ வாழ்க்கையில் செலவு அப்படி ஒரே கோட்டில் போவதில்லை. அமெரிக்காவின் நிதி ஆலோசகர் மைக்கேல் ஸ்டைன் 1998இல் வந்த தன் புத்தகத்தில் ஓய்வுக்காலத்தை மூன்றாகப் பிரித்தார்: ஓடியாடித் திரியும் காலம், நடை தளரும் காலம், வீட்டோடு அடங்கும் காலம். 2014இல் மார்னிங்ஸ்டார் நிறுவனத்தின் டேவிட் பிளான்செட் இதை எண்களோடு காட்டினார். ஐம்பது வயதைக் கடந்த அமெரிக்கர்களை மிச்சிகன் பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து விசாரித்துச் சேர்த்துவரும் தகவல்களை அவர் எடுத்துக்கொண்டார். விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தால், ஓய்வு பெற்ற குடும்பங்களின் செலவு சராசரியாக ஆண்டுக்கு 1 சதவீதம் போலக் குறைந்துகொண்டே வந்தது. எழுபதுகளின் பின்பாதியில் இறக்கம் வேகமாக இருந்தது. பிறகு மெல்ல மட்டுப்பட்டு, கடைசியில் மருத்துவச் செலவால் மேல்நோக்கித் திரும்பியது.

நம் ஊர்க் குடும்பங்களிலும் இதைப் பார்க்கலாம். அறுபது வயதில் ஓய்வு பெற்றவரின் பாஸ்புக்கைப் புரட்டினால் காசி, ராமேஸ்வரம் டிக்கெட், வெளிநாட்டில் இருக்கும் மகளைப் பார்க்கப் போன விமானச் செலவு, கடைசிப் பிள்ளையின் கல்யாணம், மாடியில் ஓர் அறை, ஒழுகும் தளத்துக்கு மறுபூச்சு என்று வரிசையாக இருக்கும். எழுபத்து நான்கில் அதே பாஸ்புக் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. ஸ்கூட்டரை விற்றாயிற்று, பெட்ரோல் இல்லை. வெளியூர்க் கல்யாணத்துக்கு மொய்யை மட்டும் யார் மூலமாகவோ கொடுத்தனுப்புகிறார்கள். தீபாவளிப் புடவை போன வருடத்ததே பிரிக்காமல் இருக்கிறது. மளிகை, கரண்ட் பில், வீட்டு வரி ஆகியவை குறையவில்லை. வேலைக்கார அம்மாவின் சம்பளமும் மருந்துக் கடை பில்லும்தான் கூடியிருக்கின்றன. ஆனாலும் மொத்தத்தில் செலவு இறங்கியிருக்கும்.

இந்த வளைவைப் பற்றி இரண்டு தவறான முடிவுகள் பரவலாக இருக்கின்றன.

முதலாவது, ‘வயதாக ஆகச் செலவு குறையத்தானே போகிறது, மாறாத வட்டி வந்தால் போதும்’ என்பது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் அதிகபட்சம் 30 லட்சம் போடலாம். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு 61,500 ரூபாய் வரும். தொகை மாறாது. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், பத்து ஆண்டு கழித்து அதே 61,500 இன்றைய 34,000 ரூபாய்க்கு வாங்கும் பொருளைத்தான் வாங்கும். செலவு ஆண்டுக்கு ஒரு சதவீதம் இறங்கும்போது, பணத்தின் வலிமை ஆண்டுக்கு ஆறு சதவீதம் இறங்குகிறது. இரண்டும் ஒன்றாகாது. எழுபது வயதுக்குள்ளேயே கை கடிக்கத் தொடங்கிவிடும்.

இரண்டாவது, கடைசிக் காலச் செலவு எல்லோருக்கும் மெல்ல மெல்ல ஏறும் என்று நினைப்பது. பிளான்செட்டின் வளைவு ஆயிரக்கணக்கானவர்களின் சராசரி. தனி மனிதர் யாரும் சராசரியாக நோயுறுவதில்லை. ஒருவர் 84 வயதில் தூக்கத்திலேயே போய்விடுகிறார்; அவருக்குச் செலவே ஏறவில்லை. இன்னொருவர் பக்கவாதம் வந்து நான்கு ஆண்டு படுக்கையில் இருக்கிறார். அவர் வீட்டில் செலவு ஒரே மாதத்தில் இரட்டிப்பாகிறது. இருவரையும் கூட்டி இரண்டால் வகுத்தால்தான் அந்த அழகான வளைவு வருகிறது. அதனால் முதல் இரண்டு கட்டங்களை மாதச் செலவாகத் திட்டமிடலாம், மூன்றாவதை அப்படி முடியாது. வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்ற ஒரு பெரிய செலவுக்குத் தனியாக ஒதுக்கிவைக்கும் தொகையாகத்தான் அதைப் பார்க்க வேண்டும்.

மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்று கேட்கலாம். காப்பீடு பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் பணம் தரும். வீடு திரும்பிய பிறகான மருந்து, பரிசோதனைக்கும் தரும், ஆனால் அது பொதுவாக 60 அல்லது 90 நாள் வரைதான். முதுமையின் பெரிய செலவோ ஆஸ்பத்திரிக்கு வெளியே இருக்கிறது: வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் ஆளின் சம்பளம், பிசியோதெரபி, படுக்கைப்புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை, டயபர், மறதி நோய் வந்தவரைக் கவனிக்க இரவுக்கு ஓர் ஆள். பாலிசி இவற்றுக்குக் கை கொடுக்காது. எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 5 லட்சம் ரூபாய் ஆயுஷ்மான் திட்டமும் உள்நோயாளிச் சிகிச்சைக்குத்தான். காப்பீடு வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். ஒரு பைபாஸ் அறுவை சிகிச்சை சேமிப்பையே துடைத்துவிடாமல் தடுப்பது அதுதான். ஆனால் பிரீமியமும் வயதோடு ஏறும். மூத்தவர்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதற்கு முன் தன்னைக் கலந்தாக வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. அந்த 10 சதவீதமே தொடர்ந்து ஏறினால், 50,000 ரூபாய் பிரீமியம் பத்து ஆண்டில் ஏறக்குறைய 1,30,000 ஆகிவிடும்.

இனி ஒரு கற்பனைக் கணக்கு. திருச்சியில் சொந்த வீட்டில் இருக்கும் தம்பதி, இருவருக்கும் 60 வயது. மாத்திரை, பிரீமியம் உட்பட மாதம் 50,000 ரூபாய் செலவு. கையில் 1 கோடியே 80 லட்சம். சேமிப்பின் வருமானம் விலைவாசி ஏற்றத்துக்குச் சரியாகப் போகிறது என்று வைத்துக்கொண்டால், எல்லாவற்றையும் இன்றைய ரூபாயிலேயே பேசலாம்.

நேர்கோட்டுக் கணக்கில் ஆண்டுக்கு 6 லட்சம், 30 ஆண்டுக்குச் சரியாக 1 கோடியே 80 லட்சம். கணக்கு நேராகிறது, ஆனால் படுக்கையில் விழுந்தால் ஒரு ரூபாய் மிச்சமில்லை. வளைவுக் கணக்கில் அறுபதுகளில் மாதம் 50,000, எழுபதுகளில் 42,000, எண்பதுகளில் 38,000. முப்பது ஆண்டுக்கும் சேர்த்து 1 கோடியே 56 லட்சம் ஆகிறது. மீதி 24 லட்சம்.

அந்த 24 லட்சத்தைப் பார்த்ததும் அறுபதுகளில் இன்னும் தாராளமாக இருக்கலாமே என்று தோன்றும். அது மூன்றாவது கட்டத்தின் பணம். வீட்டோடு தங்கும் ஆளுக்கு இன்று மாதம் 30,000 என்று வைத்தால் மூன்று ஆண்டுக்கு 10 லட்சத்து 80 ஆயிரம். இந்த வகைச் செலவு பொது விலைவாசியைவிட ஆண்டுக்கு 3 சதவீதம் வேகமாக ஏறினால் இருபது ஆண்டில் 1.8 மடங்கு, அதாவது சுமார் 19 லட்சத்து 40 ஆயிரம். ஒருவருக்கே ஏறக்குறைய எல்லாம் தீர்ந்துவிடும். இருப்பது இரண்டு பேர்.

ஆகவே இந்தப் பணம் வங்கியில் விலைவாசியோடு மட்டும் வளர்ந்தால் போதாது. நல்லவேளையாக, மூன்று பங்கிலும் கடைசியாகத் தொடப்போவது இதுதான். முதல் பத்து ஆண்டுக்கான பணம் மூத்த குடிமக்கள் திட்டத்திலும் வைப்புநிதியிலும் இருக்க வேண்டும். அதைப் பங்குச்சந்தையின் ஏற்ற இறக்கத்தில் விட முடியாது. பதினைந்து, இருபது ஆண்டு தொடாத பணத்துக்கு அந்த ஏற்ற இறக்கத்தைப் பொறுக்க நேரம் இருக்கிறது. பங்குகள் கலந்த மியூச்சுவல் ஃபண்டில் அது விலைவாசிக்கு மேல் 3 சதவீதம் வளர்ந்தால், 24 லட்சம் இன்றைய மதிப்பிலேயே 43 லட்சமாகும். இருவருக்கும் தலா மூன்று ஆண்டு ஆள் வைத்துக்கொண்டு, கொஞ்சம் மிச்சமும் இருக்கும். அப்படி வளரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதனால் 75 வயதிலிருந்து ஆண்டுக்கொரு பகுதியாக வைப்புநிதிக்கு மாற்றிவிடுவது பாதுகாப்பு.

இந்தக் கணக்கு எங்கே உடையும்? பெரும்பாலும் எழுபதுகளில்தான். எதிர்பார்த்த இறக்கம் வராமல் போகலாம்: வீட்டு வாடகை கட்டுகிறவருக்கு அது இறங்காது; மகனின் கடனை அடைக்க ஒரு தொகை, பேரனின் கல்லூரிக்கு ஒரு தொகை என்று போய்க்கொண்டிருந்தாலும் இறங்காது. தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. 65, 70, 75 வயதுகளில் ஓர் ஆண்டு வங்கிக் கணக்கை எடுத்து வீட்டுச் செலவு, மருத்துவம், பிள்ளைகளுக்குக் கொடுத்தது என மூன்றாகப் பிரித்து எழுத வேண்டும். 72 வயதிலும் வீட்டுச் செலவு விலைவாசியோடு சேர்ந்தே ஏறிக்கொண்டிருந்தால், கடைசிப் பங்கிலிருந்து தின்னத் தொடங்கியாயிற்று என்று அர்த்தம். அப்போது குறைக்க இன்னும் காலம் இருக்கும், 82இல் இருக்காது.

அந்தக் கடைசிப் பங்கு பெரும்பாலும் மனைவிக்குத்தான் தேவைப்படும். கணவர் படுத்தால் பார்த்துக்கொள்ள அவர் இருக்கிறார். அவர் படுக்கும்போது பெரும்பாலும் கணவர் இருப்பதில்லை. ஒருவர் போனதும் செலவு பாதியாகிவிடுவதும் இல்லை. அதே வீட்டு வரி, அதே கரண்ட் பில்லின் பெரும்பகுதி. எனவே முப்பது ஆண்டு என்பதை அவருடைய வயதிலிருந்து எண்ண வேண்டும். ஐந்து வயது இளையவர் என்றால் கணக்கு 35 ஆண்டுக்கு நீளும். ஃபண்டும் வைப்புநிதியும் இருவர் பெயரிலும், இருவரில் யார் இருந்தாலும் எடுக்கலாம் என்ற முறையில் இருக்க வேண்டும். காப்பீட்டு அட்டை எங்கே, யாருக்கு போன் செய்ய வேண்டும், எந்தக் கணக்கிலிருந்து முதலில் எடுக்க வேண்டும் என்பதை ஒரே தாளில் எழுதி, இருவருக்கும் எழுபது வயது ஆவதற்குள் ஒருமுறை அவர் கையாலேயே பணம் எடுத்துப் பார்த்துவிடுவது இந்தத் திட்டத்தின் கடைசி வேலை.