பாக்கெட்டை மாற்றாதீர்கள், அண்ணாச்சி!

காபித் தூள் அரைத்து, தன் கடையிலும் சுற்றுவட்டார மளிகைக் கடைகளிலும் விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பச்சைப் பாக்கெட், நடுவில் சிவப்பு வட்டம், வட்டத்துக்குள் டபரா செட். இரண்டு வருடத்துக்கு முன்புதான் இந்த டிசைன் வந்தது. இப்போது விற்பனை கொஞ்சம் மந்தம். தீபாவளிக்குள் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்கிறார் மகன். அப்பாவுக்குத் தயக்கம். இப்படித் தயங்கும் கடைக்காரருக்கு விவரம் தெரிந்த ஆலோசகர் மின்னஞ்சல் எழுதினால், அது ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். தம்பி அனுப்பிய புது டிசைனைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வேண்டாம் என்பேன்.

நீங்கள் கல்லாவில் உட்கார்ந்து நாள் முழுக்க இந்தப் பாக்கெட்டைப் பார்க்கிறீர்கள். உங்களுக்கு அலுத்துவிட்டது. மாதம் ஒரு பாக்கெட் வாங்கும் வீட்டுக்காரர் இரண்டு வருடத்தில் இதை 24 தடவைதான் வாங்கியிருப்பார். அவருக்கு இப்போதுதான் பழகத் தொடங்கியிருக்கிறது. மளிகைக் கடை அலமாரியில் அவர் பெயரைப் படித்துத் தேடுவதில்லை. பச்சையும் சிவப்பும் கண்ணில் பட்டதும் கை தானாகப் போகிறது. அந்தப் பழக்கம்தான் உங்கள் முதல்.

அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன். டிராப்பிகானா அப்போது பெப்சிகோ நிறுவனத்தின் ஆரஞ்சு ஜூஸாக இருந்தது. முழு ஆரஞ்சுப் பழத்தில் ஸ்ட்ரா குத்திய படம்தான் அதன் அடையாளம். 2009 ஜனவரியில் அந்தப் படத்தை எடுத்துவிட்டு, ஜூஸ் நிரம்பிய கண்ணாடி டம்ளரைப் போட்டார்கள். பெயரின் எழுத்தையும் மாற்றி, நெடுக்குவாட்டில் திருப்பினார்கள். உள்ளே இருந்த ஜூஸ் அதேதான். ஆனால், ஏதோ மலிவான சரக்குபோல இருக்கிறது, அலமாரியில் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வாடிக்கையாளர்கள் குறைபட்டார்கள். இரண்டு மாதம் முடிவதற்குள் விற்பனை சுமார் 20 சதவீதம் சரிந்தது. பிப்ரவரியிலேயே பழைய படத்துக்குத் திரும்புவதாக நிறுவனம் அறிவித்தது. படம், எழுத்து, பெயரின் இடம் எல்லாம் ஒரே நேரத்தில் மாறியதால் வாடிக்கையாளருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் போயிற்று. பெப்சிகோ அதைத் தாங்கிக்கொண்டது. நாம் தாங்குவோமா?

செலவையும் பாருங்கள். அச்சடித்த பிளாஸ்டிக் கவருக்குப் பெரும்பாலும் நிறத்துக்கு ஒரு சிலிண்டர் செய்ய வேண்டும். டிசைன் மாறினால் அந்தச் சிலிண்டர்கள் வீண். அச்சடித்து மீந்த ரோலும் வீண். மளிகைக் கடைகளில் பழைய பாக்கெட்டும் புதுப் பாக்கெட்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்போது, இதில் எது அசல் என்ற கேள்வி வரும்.

முடிவெடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். மளிகைக் கடைக்கு வரும் இருபது பேரிடம் பெயர் தெரியாதபடி மறைத்த பாக்கெட்டைக் காட்டி, இது யாருடைய காபி என்று கேளுங்கள். அடுத்து, பெயரை மட்டும் சொல்லி, பாக்கெட் என்ன நிறம் என்று வேறு இருபது பேரிடம் கேளுங்கள். பெரும்பாலானோர் சரியாகச் சொன்னால் பச்சையையும் வட்டத்தையும் தொடாதீர்கள். பச்சையைச் சொல்லி வட்டத்தை யாரும் சொல்லாவிட்டால், பச்சையை வைத்துக்கொண்டு வட்டத்தைப் பற்றி யோசிக்கலாம். எதுவுமே ஞாபகம் இல்லையென்றால், இன்னும் பதியவில்லை என்று அர்த்தம். மறுபடி மாற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

நிற்கிற அடையாளத்தைக் கடைப் பலகை, பை, பில், வாட்ஸ்அப் படம் எல்லாவற்றிலும் ஒன்றுபோல வையுங்கள். இப்போது பலகை நீலத்தில் இருக்கிறது, பை மஞ்சளில் இருக்கிறது. தீபாவளிக்கு அந்த இரண்டையும் பச்சையாக்குங்கள். தம்பியின் ஆசைக்குப் பண்டிகைப் பரிசுப் பெட்டி இருக்கிறது. அதில் அவர் விருப்பம்போல விளையாடட்டும், பச்சையும் வட்டமும் மட்டும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஆலோசகர்

கடிதம் சொல்லாத எல்லையும் ஒன்று உண்டு. எழுத்து படிக்க முடியாத அளவு சிறியதாக இருந்தாலோ, தொலைபேசி எண் பழையதாக இருந்தாலோ, உரிம எண், எடை, விலை போன்ற சட்டப்படியான விவரங்கள் விடுபட்டிருந்தாலோ உடனே திருத்தத்தான் வேண்டும். அவற்றைத் திருத்தும்போது நிறத்தையும் படத்தையும் தொட வேண்டியதில்லை. இன்னொரு பெயருடன் குழப்பிக்கொள்ளும்படி டிசைன் இருந்தால் மாற்றுவதே சரி; அப்போதும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்.

விற்பனை மந்தமானால் முதலில் கொட்டையின் தரம், வறுபடும் பக்குவம், சிக்கரி அளவு, பக்கத்துக் கடை விலை ஆகியவற்றைப் பாருங்கள். கோளாறு அங்கே இருந்தால் எந்த லேபிளும் அதைச் சரிசெய்யாது.